மடியில் இருக்கும் பிள்ளையைக் கை பிடிக்காது, பெல்ட்தான் பிடிக்கும்: காரிலும் டூவீலரிலும் குழந்தைகளை ஏற்றிச் செல்ல முழுமையான வழிகாட்டி

காரில் ஏறியதும் என் தங்கை மூன்று வயது மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பின்சீட்டில் சைல்ட் சீட் காலியாக இருந்தது. "பக்கத்துலதானே அண்ணா, அதுல உட்கார வெச்சா அழுவா. நான் கெட்டியா பிடிச்சுக்கறேன்" என்றாள். கெட்டியாகப் பிடிப்பது என்றால் எவ்வளவு கெட்டியாக என்று அன்று இரவு உட்கார்ந்து அவளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

மகளின் எடை 14 கிலோ. கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிரே நிற்கும் ஒன்றில் மோதுகிறது என்று வையுங்கள். முன்பகுதி நசுங்கி வண்டி முழுதாக நிற்பதற்குள் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நகரும். அந்தச் சிறு தூரத்துக்குள் 50 கிலோமீட்டர் வேகம் பூஜ்யம் ஆக வேண்டும். அந்த நொடித்துணுக்கில் பிள்ளையின் உடல் தன் எடையைப் போல் 16 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 14 கிலோ பிள்ளை 220 கிலோவுக்கு மேல் இழுக்கும். நான்கு சிமெண்ட் மூட்டைகளுக்கும் அதிகம். யாருடைய கையும் அதைத் தாங்காது. தாயின் கை என்பதால் விசை குறையாது.

இதைவிட மோசமான ஒரு பழக்கமும் உண்டு. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்வது. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். மோதும்போது அம்மாவின் உடல் முன்னால் வரும், பெல்ட் பின்னால் இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது பிள்ளை. ஒரு பெல்ட்டில் ஒரு ஆள். இதில் விதிவிலக்கே இல்லை.

## சட்டம் என்ன சொல்கிறது

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம் 194பி என்ற பிரிவைக் கொண்டுவந்தது. அது இரண்டு பகுதியாக இருக்கிறது. முதல் பகுதி பெரியவர்களுக்கானது: பெல்ட் போடாமல் ஓட்டினாலும், பெல்ட் போடாதவர்களை ஏற்றிச் சென்றாலும் 1000 ரூபாய் அபராதம். பலருக்கும் தெரியாதது இரண்டாவது பகுதி. 14 வயது நிரம்பாத பிள்ளையை சீட் பெல்ட்டாலோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ கட்டாமல் வண்டி ஓட்டினால் அதற்கும் 1000 ரூபாய். ஓட்டுபவர் மட்டும் அல்ல, அப்படி ஓட்ட விட்டவரும் இதற்குள் வருகிறார்.

பின்சீட்டுக்குப் பெல்ட் கட்டாயம் இல்லை என்று நம்மில் பாதிப் பேர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆவது விதி, முன்னோக்கி இருக்கும் பின்சீட்டில் உட்கார்பவர்களும் வண்டி ஓடும்போது பெல்ட் போட்டிருக்க வேண்டும் என்றே சொல்கிறது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே இறந்த விபத்துக்குப் பிறகுதான் இந்த விதி நாடு முழுக்கப் பேச்சுக்கு வந்தது. அவர் பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்தார்.

பின்சீட்டில் பெல்ட் போடாத பெரியவரால் ஆபத்து அவருக்கு மட்டும் இல்லை. மோதும்போது அவர் முன்சீட்டின் முதுகில் போய் இடிப்பார், அல்லது பக்கத்தில் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கும் பிள்ளைமேல் விழுவார். அதனால்தான் பாட்டிக்கும் பெல்ட் போட்ட பிறகே வண்டியை எடுக்கச் சொல்கிறேன்.

பின்சீட்டுப் பெல்ட்டைத் தேடினால் கிடைக்காத கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெல்ட் நாக்கு நுழையும் கொக்கி, நாம் ஆசையாகப் போட்ட சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். முதல் வேலை அதுதான்: கவரைக் கழற்றுங்கள், மூன்று கொக்கிகளையும் மேலே எடுங்கள். தடிமனான கவர் வேண்டவே வேண்டாம். சைல்ட் சீட் அதன்மேல் வழுக்கும்.

## எந்தப் பிள்ளைக்கு எந்த இருக்கை

கடையில் வயதைச் சொல்லி விற்பார்கள். வயதை நம்பாதீர்கள். எடையையும் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள்.

பிறந்த குழந்தைக்குத் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. கழுத்தெலும்போ இன்னும் முழுதாக எலும்பாக இறுகாதது. முன்னோக்கி உட்கார வைத்துத் தோளைக் கட்டிவிட்டால், மோதும்போது தோள் நிற்கும், கனமான தலை மட்டும் முன்னால் போகும். அந்த முழு இழுப்பும் கழுத்துக்கு. பின்னோக்கி, அதாவது பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி வைத்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே பலகையில் சேர்ந்து அழுந்தும், இழுப்பு கழுத்தில் மட்டும் குவியாது. பின்னோக்கிய இருக்கையின் ரகசியம் இவ்வளவுதான்.

ஐரோப்பாவின் புதிய தரமான ஆர்129, குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கித்தான் வைக்க வேண்டும் என்கிறது. என் கருத்து, 15 மாதத்தை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கை அனுமதிக்கும் எடை வரை பின்னோக்கியே வைத்திருங்கள் என்பது. "கால் மடங்கி இடிக்குதே" என்று கவலைப்படுவார்கள். பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். கால் நீளவில்லை என்பது திருப்பி வைப்பதற்கான காரணம் ஆகாது. தலையின் உச்சி இருக்கையின் மேல்விளிம்பைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டால்தான் காரணம்.

நம் ஊரில் கிடைக்கும் இருக்கைகளில் பெரும்பாலும் எடைப் பிரிவுதான் அச்சடித்திருக்கும். 0+ என்றால் 13 கிலோ வரை. பிரிவு 1 என்றால் 9 முதல் 18 கிலோ. பிரிவு 2, 15 முதல் 25. பிரிவு 3, 22 முதல் 36. இருக்கையின் பின்புறமோ பக்கவாட்டிலோ ஒரு ஆரஞ்சு நிற ஒட்டுச்சீட்டு இருக்கும், அதில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அது ஐரோப்பியச் சோதனையில் தேறியது என்பதற்கான அடையாளம். நம் நாட்டுத் தரத்தின் பெயர் ஏ.ஐ.எஸ். 072. இந்த இரண்டில் எதுவும் அச்சடிக்காத பொருள், துணியும் நுரையும் சேர்த்துத் தைத்த ஒரு மெத்தை. வாங்காதீர்கள்.

பழைய இருக்கையை உறவினரிடம் வாங்கிக்கொள்வது நம் வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அது இருந்த கார் எப்போதாவது மோதியதா? மோதியிருந்தால் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே பிளாஸ்டிக் விரிந்திருக்கலாம். பதில் தெரியாத இருக்கையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## இருக்கையைப் பொருத்துவது

தங்கை வீட்டில் மறுநாள் காலை காரின் கதவைத் திறந்து சைல்ட் சீட்டை ஒரு கையால் அசைத்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஆடியது. பிள்ளை அழுததற்குக்கூட அந்த ஆட்டம் காரணமாக இருக்கலாம் என்று தோன்றியது.

தவறு எங்கே என்று தேடினோம். இது பின்னோக்கியும் முன்னோக்கியும் வைக்கக்கூடிய வகை. காரின் சீட் பெல்ட் இருக்கையின் உடம்புக்குள் எந்த வழியாக நுழைந்து வெளியே வர வேண்டும் என்று நிறத்தால் குறித்திருப்பார்கள். பின்னோக்கி வைத்தால் நீலக் குறி வழியே, முன்னோக்கி வைத்தால் சிவப்புக் குறி வழியே. தங்கை கணவர் முன்னோக்கித் திருப்பியபோது பெல்ட்டை நீல வழியிலேயே விட்டுவிட்டார். வழி மாறினால் பெல்ட்டை எவ்வளவு இழுத்தாலும் இருக்கை நிற்காது.

முழுவதையும் கழற்றிவிட்டு முதலிலிருந்து செய்தோம். நீங்களும் இதே வரிசையில் செய்யலாம்.

இருக்கையைப் பின்சீட்டில், காரின் சாய்வோடு ஒட்டி வைத்தோம். காரின் ஹெட்ரெஸ்ட் இடித்து நடுவில் சந்து விழுந்தது, அதைக் கழற்றினோம். பெல்ட்டை நிறையத் தளர்வாக இழுத்துக்கொண்டு சிவப்பு வழியில் விட்டு, முறுக்கு இல்லாமல் விரலால் நீவி, கொக்கியில் மாட்டினோம். பிறகு இருக்கையின்மேல் என் முழங்காலை ஊன்றி, உடல் எடையால் காரின் மெத்தையை அமுக்கிக்கொண்டு, முதலில் இடுப்புப் பகுதிப் பெல்ட்டை இழுத்தேன், தொய்வு முழுதும் தோள்பகுதிக்குப் போனதும் அதை மேல்நோக்கி இழுத்தேன். நம் கார்களில் பெல்ட் தானாகப் பூட்டிக்கொள்ளாது. பிரேக் அடித்தால்தான் பூட்டும், மற்ற நேரம் தளர்ந்து வரும். அதனால் சைல்ட் சீட்டிலேயே இருக்கும் பூட்டுக்கிளிப்பை அழுத்தி, பெல்ட் பின்வாங்காதபடி கவ்வவைத்தோம். இந்தக் கிளிப்பைப் பலர் மறந்துவிடுவார்கள். எத்தனை இறுக்கிக் கட்டினாலும் ஒரு வாரத்தில் இருக்கை ஆடத் தொடங்குவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

இப்போது சோதனை. பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து வலமும் இடமும் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்குமேல், அதாவது ஒரு அங்குலத்துக்குமேல் நகரக் கூடாது. இருக்கையின் மேல்முனையைப் பிடித்து ஆட்டக் கூடாது, அது கொஞ்சம் ஆடத்தான் செய்யும்.

இன்னொன்று பார்க்க வேண்டும்: காரின் பெல்ட் கொக்கி இருக்கையின் பிளாஸ்டிக் விளிம்பின்மேல் வளைந்து படுத்திருக்கிறதா? படுத்திருந்தால் மோதும்போது கொக்கி நெம்பிப் பிளவுபடக்கூடும். அந்தக் காருக்கு அந்த இருக்கை ஒத்துவரவில்லை என்று அர்த்தம். வேறு பக்கத்து சீட்டில் வைத்துப் பாருங்கள், அங்கும் அப்படியே என்றால் இருக்கையை மாற்றுங்கள். வாங்குவதற்கு முன் காரைக் கடைக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். பெல்ட்டின் நீளம் போதவில்லை என்பதும் பல சிறிய கார்களில் வரும் சிக்கல். குறிப்பாகக் கைப்பிடி வைத்த குழந்தை இருக்கையைச் சுற்றி வளைக்கும்போது ஒரு சாண் குறையும்.

ஐசோஃபிக்ஸ் உள்ள காரில் வேலை எளிது. பின்சீட்டின் சாய்வும் மெத்தையும் சேரும் இடுக்கில் இரண்டு உலோகக் கம்பிகள் இருக்கும், இருக்கையின் கைகள் அதில் "டக்" என்று மாட்டும். இரண்டு பக்கமும் பச்சை தெரிந்தால் மாட்டியிருக்கிறது. ஆனால் அது இரண்டு புள்ளிதான். இருக்கை முன்னால் கவிழாமலிருக்க மூன்றாவது புள்ளி வேண்டும்: மேல்பக்கம் போகும் பட்டையைப் பின்னால் காரின் கொக்கியில் மாட்டுவது, அல்லது தரையில் ஊன்றும் கால். சும்மா தொங்கவிட்டிருக்கும் மேல்பட்டையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். தரையில் ஊன்றும் கால் என்றால், காலுக்கடியில் பொருள் வைக்கும் பெட்டியின் மூடி இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வந்தால் அந்த இடம் காலைத் தாங்காது.

பிறகு பிள்ளையை உட்கார வைத்தோம். தோள் பட்டை எந்தத் துளையிலிருந்து வர வேண்டும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு: பின்னோக்கி இருந்தால் பட்டை தோளின் மட்டத்திலோ கொஞ்சம் கீழேயோ இருந்து கிளம்ப வேண்டும், முன்னோக்கி இருந்தால் தோளின் மட்டத்திலோ கொஞ்சம் மேலேயோ. இறுக்கியபின் தோள்மேல் பட்டையை நெடுக்காகக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் அகப்பட்டால் தளர்ச்சி, இன்னும் இறுக்க வேண்டும். வழுக்கி நழுவினால் சரி. பிள்ளைக்கு வலிக்குமோ என்று தாய்மார் விரலளவு விட்டுவிடுவார்கள். அந்த விரலளவுக்குத்தான் உடல் வேகமெடுத்துப் பட்டையில் மோதும். போர்வை போர்த்துவது என்றால் பட்டையைக் கட்டியபின் மேலே போர்த்துங்கள்.

வெயிலில் நின்ற காரில் பக்கிளின் உலோக நாக்கு சூடேறியிருக்கும். பிள்ளையை உட்கார வைக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு தடவை சுட்டுவிட்டால் அந்தச் சீட்டைப் பார்த்தாலே அழும். கைக்குழந்தை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை நிறுத்தி வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை என்றால் அதைவிட முன்பே.

முன்சீட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. எதிரில் ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் இருக்கும்போது பின்னோக்கிய இருக்கையை அங்கே ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும்போது நேராக இருக்கையின் முதுகில் அறைந்து, அதற்குள் இருக்கும் குழந்தையின் தலையைச் சீட்டோடு சேர்த்து நொறுக்கும். சன்வைசரில் ஒட்டியிருக்கும் அந்தப் படம் இதைத்தான் சொல்கிறது.

## ஏழு வயது அண்ணனுக்கு

தங்கை மகனுக்கு ஏழு வயது, 121 சென்டிமீட்டர், 22 கிலோ. அவன் பெரியவன் ஆகிவிட்டான் என்று பெரியவர்களுக்கான பெல்ட்டைப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். முதுகு சாய்வில் ஒட்டினால் முழங்கால் மெத்தை விளிம்புக்கு வரவில்லை, அதனால் அவன் நழுவி முன்னால் வந்து அரைகுறையாகச் சாய்ந்திருந்தான். இடுப்புப் பெல்ட் வயிற்றின்மேல் ஏறியிருந்தது. தோள் பெல்ட் கழுத்தை உரசவே, அவனே அதைக் கையின் கீழே தள்ளிவிட்டிருந்தான்.

இது உண்மையிலேயே ஆபத்தான நிலை. பெல்ட் பிடிக்க வேண்டியது இடுப்பெலும்பை. அந்த வயதில் அதன் முன்முனை பெல்ட்டைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு வளர்ந்திருக்காது, அதனால் பெல்ட் எளிதாக வயிற்றுக்கு ஏறும். மோதும்போது மென்மையான வயிற்றில் அழுந்தி, குடலையும் முதுகெலும்பையும் பாதிக்கும். வெளியே பெல்ட் தடம் சிவப்பாகத் தெரியும், உள்ளே என்ன என்பது பின்னால்தான் தெரியவரும். விபத்துக்குப் பிறகு வயிற்றில் அப்படிக் கோடு இருந்தால், பிள்ளை நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதற்குத் தீர்வு பூஸ்டர் சீட். அது பிள்ளையைச் சற்று உயர்த்தி உட்கார வைக்கும், அவ்வளவுதான். உயர்த்தியதும் அதே கார் பெல்ட் இடுப்பில் கீழே படியும், தோளின் நடுவே போகும். முதுகுச்சாய்வும் தலைப்பக்கச் சிறகும் உள்ள பூஸ்டரை வாங்கினோம். தூங்கும்போது தலை சரிந்து தோள் பெல்ட்டிலிருந்து விலகிவிடாமல் அது தாங்கும். பூஸ்டருக்குத் தோளும் இடுப்பும் சேர்ந்த மூன்று புள்ளிப் பெல்ட் கட்டாயம் வேண்டும். சில பழைய கார்களில் பின்சீட்டின் நடுவில் இடுப்புப் பெல்ட் மட்டும் இருக்கும். அங்கே பூஸ்டரை வைக்கவே கூடாது.

பூஸ்டரை எப்போது விடலாம் என்பதற்கு வயது ஒரு அளவல்ல. முதுகு சாய்வில் ஒட்டியபடி முழங்கால் மெத்தை விளிம்பில் மடிகிறதா, இடுப்புப் பெல்ட் தொடையின் மேல் மட்டத்தில் கிடக்கிறதா, தோள் பெல்ட் தோளின் நடுவே போகிறதா, பயணம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருக்கிறானா? நான்குக்கும் ஆம் என்றால் விடலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது 145 சென்டிமீட்டரை ஒட்டி வரும், பத்து வயதைத் தாண்டியும் ஆகலாம்.

அந்தக் காரில் ஐந்து பெல்ட். கடைசியில் பின்சீட்டில் ஒரு ஓரம் சிறியவள், மறு ஓரம் பெரியவன், நடுவில் தங்கை, முன்னால் பாட்டி என்று வைத்தோம். நடுவில் உட்கார்ந்தபின் தங்கையின் கொக்கியைத் தேடிப் போட இரண்டு நிமிடம் ஆனது. அதனால் இப்போது அவள் முதலில் ஏறிப் பெல்ட் போட்டபின்தான் பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

## ஸ்கூட்டரில்

காரைப் பற்றி இவ்வளவு எழுதினாலும் நம் பிள்ளைகள் தினமும் போவது டூவீலரில்தான். சட்டம் இங்கே பிள்ளைகளை வயதை வைத்து இரண்டு பிரிவாகப் பார்க்கிறது.

நான்கு வயதுக்கு மேற்பட்ட யாராக இருந்தாலும், ஓட்டினாலும் பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் கட்டாயம் என்பது சட்டத்தின் 129-ஆவது பிரிவு. தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு மட்டும் விலக்கு. மீறினால் 1000 ரூபாய் அபராதமும், ஓட்டும் உரிமத்துக்கு மூன்று மாதத் தடையும்.

நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு மத்திய அரசு 2022 பிப்ரவரி 15-இல் தனி விதி வெளியிட்டது, ஓராண்டு கழித்து 2023-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று விஷயங்கள். ஒன்று, பிள்ளையை ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புக் கச்சை. இரண்டு, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரை உள்ள பிள்ளைக்குத் தலைக்குப் பொருந்தும் சொந்த ஹெல்மெட். மூன்று, பிள்ளையோடு போகும்போது வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. ஒன்பது மாதத்துக்குக் கீழே ஹெல்மெட்டைத் தாங்கும் கழுத்து இல்லை. அந்தக் குழந்தையை டூவீலரில் ஏற்றவே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

கச்சை என்றால் பிள்ளை போட்டுக்கொள்ளும் ஒரு அங்கி. அதிலிருந்து கிளம்பும் பட்டைகள் ஓட்டுநரின் தோளில் பள்ளிப்பை போல மாட்டிக்கொள்ளும். எடை குறைவாக, தண்ணீர் புகாததாக, நைலானும் அடர்ந்த நுரையும் கொண்டு செய்ததாக, 30 கிலோ வரை தாங்குவதாக இருக்க வேண்டும் என்கிறது விதி. வண்டி நின்றிருக்கும்போதே, ஓட்டுபவர் உட்கார்ந்த பிறகு மாட்டுங்கள். முதலில் பிள்ளையின் அங்கி, பிறகு ஓட்டுநரின் தோள்பட்டை, பிறகு இறுக்கம். பிள்ளையின் மார்பு உங்கள் முதுகில் ஒட்டியிருக்க வேண்டும், நீங்கள் சற்று முன்னால் குனிந்தால் அதுவும் கூடவே வர வேண்டும். தனியே பின்னால் நின்றுவிட்டால் தளர்ச்சி. இறங்கும்போதும் ஸ்டாண்ட் போட்டபின்தான் கழற்றுவது.

இந்தக் கச்சையால் ஆவது என்ன, ஆகாதது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தூங்கிச் சரிந்தாலோ, வேகத்தடையில் வண்டி துள்ளினாலோ பிள்ளை கீழே விழாது. டூவீலரில் பிள்ளைகள் விழுவதற்குத் தூக்கமும் ஒரு காரணம் என்பதால் இது சிறிய உதவியல்ல. ஆனால் வண்டியே சாய்ந்து விழுந்தால் பிள்ளையும் உங்களோடு சேர்ந்துதான் விழும். அங்கே காப்பாற்ற ஹெல்மெட்டும் குறைந்த வேகமும் மட்டுமே.

ஹெல்மெட் வாங்கும்போது புருவத்துக்குச் சற்று மேலே, காதுகளுக்கு மேலாகத் தலையைச் சுற்றி நாடாவால் அளந்துகொண்டு போங்கள். தங்கை மகளுக்கு 49 சென்டிமீட்டர். பெரியவர்களின் ஹெல்மெட்டில் பாதித் தலை காலியாகக் கிடந்து சுற்றும், ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு சைக்கிள் ஹெல்மெட்டையும் விதி ஏற்றுக்கொள்கிறது, உள்ளே ஈ.என். 1078 அல்லது 1080 தரம் என்று அச்சடித்திருந்தால் போதும். நான்கு வயதைத் தாண்டிய அண்ணனுக்கு சைக்கிள் ஹெல்மெட் செல்லாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் உள்ள மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்தான் வேண்டும்.

போட்டபின் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழையலாம். ஹெல்மெட்டைப் பிடித்து இடமும் வலமும் திருப்பும்போது நெற்றித்தோலும் கூடவே நகர்ந்தால் அளவு சரி. ஹெல்மெட் மட்டும் தனியே சுற்றினால் ஒரு அளவு சிறியதை எடுங்கள். "வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்" என்று சட்டை வாங்குவதுபோல் இதை வாங்கக் கூடாது.

இப்போது எல்லோரும் செய்யும் தவறு: பிள்ளையை ஸ்கூட்டரின் முன்பலகையில் நிற்க வைப்பது, பைக்கில் டேங்க்மேல் உட்கார வைப்பது. பிரேக் அடித்தால் பிள்ளையின் தாடையும் நெஞ்சும் நேராக ஹேண்டில்பாரில் போய் இடிக்கும், பின்னாலிருந்து உங்கள் உடல் வந்து அழுத்தும். சிறு கை ஆக்சிலரேட்டரைப் பிடித்துத் திருகிவிடுவதும் நடக்கும். சட்டத்தின் 128-ஆவது பிரிவு, கூட வருபவர் ஓட்டுநருக்குப் பின்னால் உறுதியாகப் பொருத்திய சீட்டில் உட்கார வேண்டும் என்றும், அது ஒருவர் மட்டும்தான் என்றும் சொல்கிறது. பிள்ளை என்றால் கணக்கில் வராது என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் பிள்ளையை வைத்துக்கொள்வது மூவர் பயணம்தான். அதற்கும் 1000 ரூபாய், மூன்று மாத உரிமத் தடை.

பின்னால் உட்காரும் பிள்ளையின் காலைக் கவனியுங்கள். பாதம் கால்மிதிக்கு எட்டாவிட்டால் அது தொங்கிக்கொண்டே வரும், தூக்கத்தில் உள்ளே சரிந்து பைக்கின் பின்சக்கர ஆரக்கம்பிகளுக்குள் போகும். குதிகால் தோல் உரிந்து எலும்பு வரை போகும் காயம் அது. பின்சக்கரத்தின் பாதியாவது மறையும்படி தடுப்பு இருக்க வேண்டும், பிடிமானமும் கால்மிதியும் வேண்டும் என்று 123-ஆவது விதி சொல்கிறது. அழகுக்காக அந்தத் தடுப்பைக் கழற்றிவிட்ட பைக்கில் பிள்ளையை ஏற்றாதீர்கள். மறுபக்கம் சைலன்சர், அதற்கு முழுக்கால் பேன்ட்டும் மூடிய செருப்பும் போட்டுவிடுங்கள்.

தங்கை வீட்டில் பள்ளிக்கு விடுவது எப்படி என்பதுதான் கடைசியில் பெரிய கேள்வியாக நின்றது. இரண்டு பிள்ளைகள், ஒரு ஸ்கூட்டர். முன்பெல்லாம் சிறியவள் முன்னால் நின்றாள், பெரியவன் பின்னால் உட்கார்ந்தான். சட்டப்படி அந்த வண்டியில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் போக முடியும். சிறியவளின் பள்ளி தெரு தள்ளித்தான் இருந்தது, அவளைப் பாட்டி நடத்திக் கூட்டிப்போக ஒப்புக்கொண்டார். பெரியவன் ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரில் போகிறான், அவன் பாதம் கால்மிதியில் படிகிறது. மழைநாளில் இருவருக்கும் ஆட்டோ. அந்த ஆட்டோச் செலவை மாதக் கணக்கில் எழுதி வைத்துவிட்டார்கள்.